வேரோடு விழுந்த பல்



போன வாரம் உங்களில் ஒருவர் மகளுக்கு முதல் பால்பல் விழுந்த படத்தைப் போட்டிருந்தார். அதன் கீழே இன்னொருவர், "எங்கப்பாவுக்கும் இப்பத்தான் ஒவ்வொண்ணா விழுது, வயசானா குழந்தைதானே சார்" என்று எழுதியிருந்தார். பலரும் சிரித்து வைத்திருந்தீர்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. அதைப் பொய் என்று காட்டிய ஆராய்ச்சிக்கு வாயைத் திறந்து காட்டியவர்கள் நம் ஆட்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

விழுந்த பால்பல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே வெள்ளையாகத் தலை இருக்கும், அடியில் குழிவாக இருக்கும், வேர் இருக்காது. வேர் முதலில் இருந்ததுதான். அடியில் நிலைப்பல் வளர்ந்து மேலே வரும்போது பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது. வேர் போனதும் தலை ஆடி விழுகிறது. ஆறு வயதில் கீழ் முன்பல்லில் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் இருபது பால்பற்களும் இப்படிப் போய்விடும். உடம்பு திட்டமிட்டுச் செய்கிற வேலை இது.

இப்போது அறுபது வயதுக்காரருக்குத் தானாக ஆடி விழுந்த பல்லைப் பாருங்கள். தலையும் இருக்கும், நீளமான வேரும் முழுசாக இருக்கும். சொத்தைகூட இருக்காது. வேர் கெடாமல் இருக்கும்போது பல் ஏன் விழுந்தது? அதைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்பு கரைந்துவிட்டது. கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நட்ட இடத்து மண் போய்விட்டது. பால்பல் விழுவது வளர்ச்சி, கிழப்பல் விழுவது நோய். இரண்டையும் ஒன்றாக்கி "வயசானா குழந்தை" என்று சொல்லிக்கொண்டே நம் பெரியவர்கள் வாயை வெறும் வாயாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் 1960 வரைக்கும் இந்த விஷயத்தில் மருத்துவர்களுக்கே தெளிவு கிடையாது. ஈறு நோய்க்கு வயதைக் காரணம் சொன்னார்கள், சத்துக் குறைவைச் சொன்னார்கள், பரம்பரையைச் சொன்னார்கள். பல்லின் மேல் படியும் அழுக்கையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள், ஆனால் அதை யாரும் சோதித்துக் காட்டவில்லை. காட்டியவர் நார்வே நாட்டுக்காரரான ஹரால்ட் லோ. டென்மார்க்கில் ஆர்ஹஸ் என்ற ஊரின் பல் மருத்துவக் கல்லூரியில் 12 பேரைப் பிடித்தார். பெரும்பாலும் அங்கே படித்த மாணவர்கள்தான். எல்லோருக்கும் ஈறு நல்ல நிலையில் இருந்தது. "இன்றிலிருந்து பல் துலக்காதீர்கள்" என்றார். (எந்த மாணவனுக்குக் கசக்கும்!) பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது, தொட்டால் ரத்தம் வந்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை. பிறகு துலக்கச் சொன்னார். ஒரு வாரம் போல ஆனதும் எல்லாருக்கும் பழையபடி ஆகிவிட்டது. 1965ல் இதை வெளியிட்டார்கள்.

வயது மாறவில்லை, பரம்பரை மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை. மாறியது துலக்கியதும் துலக்காததும் மட்டும்தான். ஆகவே ஈறு வீக்கத்துக்குக் காரணம், பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படிகிற அந்த வழவழப்பான படலம். அதில் இருப்பவை உயிருள்ள கிருமிகள். அதை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டியாகிறது. அதைத்தான் காரை என்கிறோம். காரை பிடித்துவிட்டால் பிரஷ்ஷுக்கு வராது.

ஆனால் இந்தச் சோதனை பாதிக் கதையைத்தான் சொன்னது. ஈறு வீங்குவது வேறு, எலும்பு கரைந்து பல் விழுவது வேறு. முதலாவது மூன்று வாரத்தில் வருகிறது, இரண்டாவதுக்கு இருபது முப்பது வருஷம் ஆகும். மாணவர்களை முப்பது வருஷம் துலக்காமல் வைத்திருக்க முடியுமா? பல் மருத்துவரையே பார்க்காத, பிரஷ் பிடிக்காத ஒரு கூட்டம் ஏற்கனவே எங்காவது இருந்தால்தான் அதைப் பார்க்க முடியும்.

அந்தக் கூட்டத்தை லோ கண்டுபிடித்த இடம் இலங்கை. 1970ல் அங்கே இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். தோட்டத்துத் தமிழர்கள். பதினாலு பதினைந்து வயதுப் பையன்களிலிருந்து ஏறக்குறைய முப்பது வயது ஆட்கள் வரை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, முந்தின வருஷமே நார்வேயின் ஆஸ்லோவில் 565 ஆண்களைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் மாணவர்கள், படித்தவர்கள், சிறு வயதிலிருந்தே பள்ளியில் பல் வைத்தியம் கிடைத்தவர்கள்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவீர்கள். உங்களில் பாதிப் பேரின் வீட்டுப் பெரியவர்கள் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'தாயகம் திரும்பியோர்' என்று எத்தனை பேருக்கு நான் எழுதியிருப்பேன்! லோ வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அந்தக் கப்பல்களும் ஓடிக்கொண்டிருந்தன.

1970க்குப் பிறகு 71, 73, 77, 82, 85 என்று திரும்பத் திரும்பப் போய் அதே ஆட்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். 1985ல் பார்க்கக் கிடைத்தவர்கள் 161 பேர்தான். இடையில் 73, 74ல் தோட்டங்களில் பஞ்சம், 83ல் கலவரம்.

எப்படி அளந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிறகு வரும் எண்கள் புரியும். மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார்கள். பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்திலிருந்து, கம்பி போய் முட்டும் இடம் வரைக்கும் அளப்பார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்தால் பிடிப்பு அந்த எல்லையிலேயே இருக்கும், இழப்பு ஒன்றுமில்லை. நாலு மில்லிமீட்டர் இறங்கினால் வேரில் நாலு மில்லிமீட்டருக்குப் பிடிப்பு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். வேரின் மொத்த நீளமே பல பற்களுக்கு 13 மி.மீ. அளவில்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நார்வேக்காரர்களுக்கு நாற்பது வயதை நெருங்கும்போது சராசரி இழப்பு ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேலே. தோட்டத்து ஆட்களுக்கு அதே வயதில் நாலரை மி.மீ. ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை யாரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

எதிர்பாராதது வேறு. தோட்டத்தில் எல்லோர் வாயும் ஒரே மாதிரி இருந்தது. எல்லாப் பற்களிலும் கறை, படலம், காரை. யாரும் துலக்குவதில்லை, யாருக்கும் வைத்தியம் இல்லை. எல்லோருக்கும் ஈறு வீக்கமும் இருந்தது. அப்படியானால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் எலும்பு கரைய வேண்டும் அல்லவா? கரையவில்லை. அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். 1986ல் வெளியான அந்தக் கட்டுரையின் கணக்கைப் பாருங்கள்.

நூற்றுக்கு 8 பேருக்கு நோய் ஓட்டமாக ஓடியது. முப்பத்தைந்து வயதில் சராசரி 9 மி.மீ. பிடிப்பு போய்விட்டது, நாற்பத்தைந்தில் 13 மி.மீ. இந்தக் கூட்டத்தில் ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள். இருபது வயதிலேயே பல் போகத் தொடங்குகிறது. முப்பத்தைந்தில் 12 பல் இல்லை, நாற்பதில் 20 இல்லை, நாற்பத்தைந்தில் ஒன்றுமே இல்லை. மகளுக்குக் கல்யாணம் பேசும் வயதில் பொக்கை வாய். அக்கம்பக்கத்தில் "சீக்கிரம் கிழடு தட்டிப்போச்சு" என்றிருப்பார்கள்.

நூற்றுக்கு 81 பேருக்கு நடுத்தர வேகம். முப்பத்தைந்தில் 4 மி.மீ., நாற்பத்தைந்தில் 7 மி.மீ. முப்பது வயதுக்கு மேல்தான் பல் போகத் தொடங்கியது, நாற்பத்தைந்தில் சராசரி ஏழு பல் இல்லை. நம்மில் பெரும்பாலோர் இந்த வரிசைதான்.

மீதி 11 பேர்? அதே காரை, அதே ஈறு வீக்கம். ஆனால் முப்பத்தைந்து வயதில் ஒரு மி.மீ.கூட இழப்பு இல்லை. பல்லும் விழவில்லை.

அதுவரை பல் மருத்துவக் கல்லூரிகளில், அழுக்கு படிந்தால் ஈறு வீங்கும், ஈறு வீங்கினால் எலும்பு கரையும், எலும்பு கரைந்தால் பல் விழும் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பதினோரு சதவீதம் அந்தக் கோவையை அறுத்துவிட்டது. அழுக்கு இல்லாமல் நோய் தொடங்குவதில்லை, ஆனால் அழுக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. கிருமியை எதிர்த்து அந்த உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது என்பதும் சேர்ந்தே எலும்பின் கதியை முடிவு செய்கிறது. புகைபிடித்தலும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஒருவரை வேகமான கூட்டத்தின் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் இந்த வழியில் தேடிப் போனபோது உறுதியானவை.

"எங்க அப்பத்தா பிரஷ்ஷையே கண்டதில்ல, தொண்ணூறு வயசுல கரும்பு கடிச்சாங்க" என்று வீட்டுக்கு வீடு ஒருவர் சொல்வார். பொய் இல்லை. அந்த அப்பத்தா பதினோரு பேரில் ஒருவர். அதே தெருவில் நாற்பதில் பொக்கையான எட்டுப் பேரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் அப்பத்தாவின் பேரன் என்பதால் அந்த உடம்பு உங்களுக்கு வந்திருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

இன்னொரு செய்தியும் அந்தத் தோட்டத்து வாய்களில் இருந்தது. அவர்களுக்குச் சொத்தைப்பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. காரை மண்டிக் கிடக்கிறது, ஆனால் சொத்தை இல்லை. ஆகவே சொத்தையும் ஈறு நோயும் வெவ்வேறு நோய்கள். சொத்தைக்கு இனிப்பு வேண்டும், அதுவும் அடிக்கடி வேண்டும். இது நிரூபணமான கதை கொடுமையானது. ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1940களின் பிற்பாதியில், அங்கே இருந்தவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியைச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை கொடுத்தபோது சொத்தை அதிகம் கூடவில்லை. நடுநடுவே ஒட்டும் மிட்டாய் கொடுத்தபோது சரசரவென்று பல் அழிந்தது. குழந்தைக்கு ஒரே நேரத்தில் நாலு மிட்டாயைக் கொடுப்பதைவிட, ஒன்றை நாலு வேளைக்குப் பிரித்துக் கொடுப்பது மோசம் என்று இன்று டாக்டர் சொல்வது அங்கே கற்றதுதான். பால்பல்தானே, விழப்போவதுதானே என்று விடுகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியவை.

இரண்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது மனசுக்குள் ஒன்று உறுத்துகிறது. ஸ்வீடனில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்களின் பல்லைக் கெடுத்தார்கள். இலங்கையில் யாரும் யார் பல்லையும் கெடுக்கவில்லை, அந்த வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த ஆராய்ச்சியின் மதிப்பே அவர்களுக்கு வைத்தியம் இல்லை என்பதில்தான் இருந்தது. ஆர்ஹஸ் மாணவர்களுக்கு மூன்று வாரத்தில் பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஈறு ஆறிவிட்டது. தோட்டத்துத் தொழிலாளியின் ஈறு ஆறாமல் இருந்ததால்தான் 'இயற்கையான போக்கு' என்று அந்த அட்டவணையை எழுத முடிந்தது. பதினைந்து வருஷம் ஆறு முறை அளந்தவர்களுக்கு, இந்த மனிதர் நாற்பத்தைந்தில் பொக்கையாவார் என்பது போகப் போகத் தெரிந்திருக்கும். லோ பெரிய விஞ்ஞானி, 1983லிருந்து அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்தவர். அவரைக் குறைத்துப் பேச நான் யார்? ஆனால் இந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் சாயலில்தான் என் வகுப்பறை இருந்தது.

சரி, இதை வைத்து நீங்கள் எந்தக் கூட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியைப் பார்த்தால் தெரியாது. துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்பது முதல் அடையாளம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவார்கள், அங்கேதான் கூடுதலாகத் துலக்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும். அது நல்ல ஈறு என்று அர்த்தமில்லை, புகை அடையாளத்தை மறைக்கிறது. முன்பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத சந்து விழுவது, பல் முன்னைவிட நீளமாகத் தெரிவது, இவை இரண்டாவது அடையாளம். ஆட்டம் கண்ட பிறகு போவது ரொம்பத் தாமதம். முப்பது வயதில் அந்த மில்லிமீட்டர் கம்பியால் ஒரு முறை எல்லாப் பல்லையும் அளந்து எழுதித் தரும்படி பல் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி அளந்தால், நீங்கள் 8ஆ, 81ஆ, 11ஆ என்பது கிட்டத்தட்ட விளங்கிவிடும்.

"பல் க்ளீன் பண்ணினா பல் ஆடும் சார்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! எலும்பு போன பல்லைப் பக்கத்துப் பல்லோடு காரை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. கூச்சமும் சில நாள் இருக்கும், மூடிக்கிடந்த வேர் வெளியே வந்ததால். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது, மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம். அதனால்தான் வயது முக்கியம். 2 மி.மீ.யில் நிறுத்துவதும் 7 மி.மீ.யில் நிறுத்துவதும் ஒன்றல்ல.

பல்செட் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் அதே எலும்புதான் பதில். பல் போன பிறகு அது தாங்கியிருந்த எலும்பு மேடு மேலும் சுருங்குகிறது, முதல் வருஷத்தில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். பல்செட் அந்த மேட்டின்மேல்தான் உட்கார வேண்டும். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஓரளவு நிற்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை, நாக்கு வேறு தள்ளும். புதுசாகப் போட்டபோது சரியாக இருந்த செட் சில வருஷத்தில் லொடலொட என்று ஆடுவதற்குச் செட் செய்தவர் காரணமல்ல, அடியில் மேடு இறங்கிவிட்டது. உள்பக்கம் மறுபடி அளவெடுத்து நிரப்பிக் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஆடுகிற செட்டைப் பசை போட்டு ஒட்டி வருஷக்கணக்கில் ஓட்டினால் புண்தான் மிஞ்சும். ராத்திரி கழற்றி, துலக்கி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். அறுபத்தைந்தில் பல் போனவர் சுருங்கும் மேட்டோடு பத்து இருபது வருஷம் சமாளித்தால் போதும். நாற்பத்தைந்தில் போனவர் நாற்பது வருஷம் சமாளிக்க வேண்டும்.

2010ல் அந்தத் தோட்டங்களுக்கு மறுபடி போனார்கள். முதல் பரிசோதனைக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பார்க்க முடிந்தது. சராசரியாக ஒவ்வொருவரும் 13 பல்லை இழந்திருந்தார்கள். ஒரு பல்கூட இழக்காதவரும் அதில் இருந்தார், 28ஐயும் இழந்தவரும் இருந்தார்.

உங்கள் தாத்தாவோ, பெரியப்பாவோ, மாமாவோ 1970க்குப் பிறகு இலங்கைத் தோட்டத்தில் இருந்து, வெள்ளைக்காரர்கள் வந்து கம்பியை வைத்துப் பல்லை அளந்ததாக எப்போதாவது சொல்லியிருந்தால், தோட்டத்தின் பெயரோடு எனக்கு எழுதுங்கள். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் 'ஸ்ரீலங்கா ஸ்டடி' என்றால் தெரியும். அந்த 480 பேரில் ஒருவர் பெயரையாவது நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.